விருப்பம் இல்லாவிட்டாலும் கடமை கட்டுமா? காண்ட்டின் இரண்டு கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய ‘ஒழுக்க மெய்யியலுக்கான அடித்தளம்’ சின்னப் புத்தகம்தான். இருந்தும் எங்கள் வாசிப்பு வட்டம் அதன் இரண்டாம் பகுதியைத் தாண்ட மூன்று மாதம் ஆனது. புதிதாக யார் வந்தாலும் அதே சந்தேகங்கள், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“நிபந்தனைக் கட்டளை, நிபந்தனையற்ற கட்டளை, ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?”

ஒன்றில் கழன்றுகொள்ள வழி இருக்கிறது, மற்றதில் இல்லை. ‘டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்க வேண்டுமானால் பொடியை நன்றாக அழுத்தி வை’ என்று ஒருவர் சொல்கிறார். ‘எனக்கு லைட்டாக இருந்தாலே போதும்’ என்று நீங்கள் பதில் சொல்லிவிட்டால் அந்தக் கட்டளைக்கு உங்களிடம் வேலை இல்லை. சொன்னவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் விருப்பத்தின் மேல் நிற்கிற கட்டளை அது. விருப்பம் போனால் கூடவே அதுவும் போகும். இதுதான் நிபந்தனைக் கட்டளை.

‘உன்னை நம்பிக் கொடுத்து வைத்த பணத்தைத் திருப்பிக் கொடு’ என்பதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு அதில் ஆர்வம் இல்லை’ என்று நீங்கள் சொன்னால் ‘அப்படியா, சரி’ என்று யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஆர்வம் இருக்கிறதா என்று உங்களை யாரும் கேட்கவே இல்லையே! உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொருட்படுத்தாமல் நிற்கும் இந்த வகையைத்தான் காண்ட் நிபந்தனையற்ற கட்டளை என்கிறார்.

“அப்ப வாக்கியத்துல ‘வேண்டுமானால்’, ‘என்றால்’ வந்தா நிபந்தனை, வரலைன்னா நிபந்தனையற்றது. அவ்வளவுதானே?”

இல்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ‘தினமும் அரை மணி நேரம் நட’ என்பதில் ‘வேண்டுமானால்’ இல்லை. ஆனாலும் ‘சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டுமானால்’ என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. மறுபக்கம், ‘வாக்குக் கொடுத்திருந்தால் காப்பாற்று’ என்பதில் ‘ஆல்’ வெளிப்படையாகவே இருக்கிறது. அது சூழ்நிலையைச் சொல்கிறது, உங்கள் ஆசையைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதைக் காப்பாற்றப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்டளை உங்கள் மேல் இருக்கிறது.

அதனால் இலக்கணத்தைப் பார்க்காதீர்கள். ‘எனக்கு அது வேண்டாம்’ என்று ஒரு பதிலைச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கட்டளை நிற்கிறதா, விழுகிறதா என்பதுதான் சோதனை.

“சந்தோஷமா வாழணும்னு எல்லாருமே ஆசைப்படறோம். அப்ப சந்தோஷத்துக்கான விதிகள் எல்லாரையும் கட்டுமே, அதுவும் நிபந்தனையற்றதுதானே?”

நல்ல கேள்வி. காண்ட்டே இதற்காக நிபந்தனைக் கட்டளைகளை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று கைத்திறன் விதி. ஒருவருக்கு இருக்கலாம், இருக்காமலும் போகலாம் என்கிற நோக்கத்துக்கான வழியை அது சொல்லும். நோக்கம் நல்லதா கெட்டதா என்று அது கேட்காது. நோயாளியைக் குணப்படுத்த வைத்தியர் பின்பற்றும் விதியும், ஆளைத் தீர்த்துக்கட்ட விஷம் வைப்பவன் பின்பற்றும் விதியும், வேலையைக் கச்சிதமாக முடிக்கும் அளவில் ஒரே மதிப்புடையவை என்று காண்ட் எழுதுகிறார். படித்ததும் தூக்கிவாரிப்போடும். ஆனால் உண்மைதான்.

இன்னொன்று விவேக அறிவுரை. எல்லோருக்கும் இருக்கிற நோக்கமான மகிழ்ச்சிக்கான வழி அது. எல்லோருக்கும் இருப்பதால் ‘வேண்டுமானால்’ என்பது கண்ணில் படாது, அவ்வளவுதான். கட்டளை அப்போதும் ஆசையின் மேல்தான் நிற்கிறது. போதாததற்கு, மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பணம் கேட்டால் கவலையும் பொறாமையும் கூடவே வரும். நீண்ட ஆயுள் கேட்டால் அது நீண்ட துன்பமாகவே அமையாது என்று யார் உத்தரவாதம் தருவது? இதனால்தான் காண்ட் இவற்றைக் கட்டளை என்று சொல்லக்கூடத் தயங்கி, அறிவுரை என்ற அளவில் நிறுத்துகிறார்.

“விஷம் வைக்கிறவன் உதாரணம் உறுத்துது. கொல்லணும்னு நெனச்சா விஷம் வைச்சே ஆகணும்னு அறிவே அவனுக்குச் சொல்லுதா?”

நோக்கத்தை உண்மையிலேயே மேற்கொண்டவர், தன் கைக்கு எட்டும் தவிர்க்க முடியாத வழியையும் மேற்கொள்கிறார் என்பதுதான் நிபந்தனைக் கட்டளையின் அடிப்படை. பகல்கனவு காண்பது வேறு, மேற்கொள்வது வேறு. ‘வீணை கற்க வேண்டும்’ என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாதவர் அதை மேற்கொள்ளவே இல்லை.

இங்கே அறிவு தடுப்பது ஒரு முரணைத்தான்: நோக்கத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்கான வழியையும் மறுப்பது. அந்த முரணிலிருந்து வெளியே வர இரண்டு கதவுகள் உண்டு. வழியை எடுக்கலாம், இல்லையென்றால் நோக்கத்தை விடலாம். காண்ட்டைப் பின்பற்றும் இன்றைய மெய்யியலாளர்கள் பலர் இப்படித்தான் இதை வாசிக்கிறார்கள். கொலைகாரனுக்கு முதல் கதவை நிபந்தனையற்ற கட்டளை ஏற்கெனவே பூட்டி வைத்திருக்கிறது. அவனுக்கு மிச்சம் இருப்பது நோக்கத்தைக் கைவிடும் கதவு மட்டுமே. ஆகவே ‘விஷம் வை’ என்று அறிவு அவனுக்குச் சொல்லவில்லை.

“சரி, விருப்பம் இல்லாட்டியும் கட்டும்னு சொல்றீங்க. அதை எப்படிக் காட்டறது? நடைமுறையில ஒண்ணு சொல்லுங்க.”

காண்ட்டுக்குப் பிடித்தமான உதாரணம் அடைக்கலப் பணம். 1788இல் வந்த ‘செயல் அறிவு பற்றிய விமர்சனம்’ நூலில் அது வருகிறது. 1793இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் விரிவாக வருகிறது. ஒருவர் உங்களை நம்பிப் பெரும் பொருளை ஒப்படைத்துவிட்டு இறந்துபோகிறார். எழுத்து ஆதாரம் இல்லை. வாரிசுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிய வரவும் வழியில்லை. அதே சமயம், உங்கள் தவறு எதுவும் இல்லாமல் நீங்கள் நொடித்துப்போயிருக்கிறீர்கள். மனைவி மக்கள் கண்முன்னே கஷ்டப்படுகிறார்கள். வாரிசுகளோ பணக்காரர்கள், ஈவு இரக்கம் இல்லாத ஊதாரிகள். இந்தப் பணத்தை அவர்களிடம் கொடுப்பதும் கடலில் எறிவதும் ஒன்றுதான். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லி ‘வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டால்கூட ‘கூடாது’ என்றுதான் சொல்லும் என்கிறார் காண்ட்.

இந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க நமக்கு இருக்கக்கூடிய ஆசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கிறார். மாட்டிக்கொள்வோமோ என்ற பயமா? ஆதாரமே இல்லை. நல்ல பெயர் கிடைக்குமா? விஷயம் யாருக்கும் தெரியாது. வாரிசுகள் மேல் இரக்கமா? அவர்கள் அதற்குத் தகுந்தவர்கள் இல்லை. கொடுப்பதால் ஊருக்கு நன்மையா? கடலில் எறிவது போலத்தானே. பாசமும் தேவையும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. ஆசைக் கணக்கு முழுவதும் ‘வைத்துக்கொள்’ என்று சொன்ன பிறகும், ‘இது உன்னுடையது இல்லை’ என்பது அசையாமல் அப்படியே இருக்கிறது. ஆசை போனால் கட்டளையும் போகும் என்பது எல்லாக் கட்டளைக்கும் பொருந்தும் என்றால் இங்கே மிச்சம் எதுவும் இருந்திருக்கக் கூடாது.

“அது மனசாட்சி உறுத்துதுங்கறதைத்தானே காட்டுது? அறிவு எங்க வந்துச்சு?”

நியாயம்தான். கதை நம் தீர்ப்பைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை. காரணத்துக்குக் காண்ட் ஒரு சோதனை வைத்திருக்கிறார். பணத்தை அமுக்கும்போது நான் மனதில் வைத்திருக்கும் கொள்கை என்ன? ‘ஆபத்தில்லாத எந்த வழியிலும் என் சொத்தைப் பெருக்குவேன்.’ இதை எல்லோருக்குமான சட்டமாக மாற்றிப் பார்ப்போம்: ‘நிரூபிக்க முடியாத அடைக்கலப் பணத்தை யார் வேண்டுமானாலும் மறுத்துவிடலாம்.’ இது ஊரறிந்த சட்டமாக இருந்தால் யாரும் யாரிடமும் எதையும் கொடுத்து வைக்க மாட்டார்கள். அப்படி ஒரு வழக்கமே இருக்காது. நான் அமுக்க நினைக்கும் பணம் என் கைக்கு வந்ததே அந்த வழக்கத்தால்தான்.

நான் ஒரே நேரத்தில் இரண்டைக் கேட்கிறேன்: மற்றவர்கள் எல்லோரும் நாணயமாக இருக்க வேண்டும், எனக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும். அந்த விலக்குக்கு ‘நான் நான்தான்’ என்பதைத் தவிர நான் காட்டக்கூடிய காரணம் எதுவும் இல்லை. இது என் உணர்ச்சியில் இருக்கும் கோளாறு இல்லை, என் நியாயத்தில் இருக்கும் ஓட்டை. என் ஆசைகளை மாற்றினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

“கொடுத்து வைக்கிற வழக்கமே இல்லாம போனா என்ன குடி முழுகிடும்? அதுல முரண்பாடு எங்க இருக்கு?”

இதைக் கேட்டு மடக்கியவர் ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகல். அடைக்கலப் பொருள் என்ற ஒன்றே இல்லாத உலகத்தில் என்ன முரண் என்று அவர் கேட்டார். அந்த உலகத்தில் எதுவும் இல்லைதான். வழக்கம் அழிவது கெட்ட விளைவு, அதனால் செய்யாதே என்று காண்ட்டைப் படித்தால் ஹெகல் ஜெயித்துவிடுவார். அது விளைவைக் கணக்குப் பார்க்கும் நியாயமாகவும் ஆகிவிடும்.

மெய்யியலாளர் கிறிஸ்டின் கோர்ஸ்கார்ட் 1985இல் தந்த விளக்கம் எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. முரண் அந்த உலகத்துக்குள் இல்லை, என் திட்டத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் திட்டம் பலிக்க அந்த வழக்கம் தேவை. என் கொள்கை சட்டமானால் அந்த வழக்கம் இருக்காது. கிளையில் உட்கார்ந்துகொண்டு அதையே வெட்டுவது போல.

ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். கொள்கையை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து சோதனையின் முடிவு மாறும். ‘செவ்வாய்க்கிழமை மாலை, இன்ன ஊரில், வாரிசு தெரியாதவர் கொடுத்த பணத்தை மட்டும் அமுக்குவேன்’ என்று குறுக்கி எழுதினால் அது சட்டமானாலும் வழக்கம் அழியாது. சோதனையில் தேறிவிடும். அந்த ஊர் பெயரும் கிழமையும் உண்மையிலேயே உங்கள் முடிவுக்குக் காரணமா, ஏமாற்றுவதற்காக ஒட்டியதா என்று பதிலுக்குக் கேட்கலாம். கிழமை மாறினாலும் அமுக்குவீர்கள் என்றால் அது உங்கள் கொள்கை இல்லை. ஆனால் எங்கே கோடு போடுவது என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

“நேர்மையா இருந்தா வியாபாரம் நல்லா நடக்கும். அதுக்காக நேர்மையா இருந்தா தப்பா?”

தப்பில்லை. ஆனால் அப்போது நீங்கள் நிபந்தனைக் கட்டளைக்குத்தான் கீழ்ப்படிகிறீர்கள். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடமும் குழந்தையிடமும் ஒரே விலை வாங்கும் கடைக்காரரைக் காண்ட் காட்டுகிறார். செயல் கடமைக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. ஆனால் ‘வாடிக்கை போய்விடக் கூடாது’ என்பதுதான் காரணம் என்றால், ஏமாற்றுவதில் லாபம் வரும் முதல் நாள் அது கவிழும். மேலே சொன்ன அடைக்கலப் பணம் அப்படிப்பட்ட நாள்தான்.

புறநானூற்றில் முடமோசியார், ஆய் என்ற வள்ளலை ‘அறவிலை வணிகன் அல்லன்’ என்று பாடுவது எனக்கு இங்கே நினைவுக்கு வரும். இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கிற ஆள் இல்லை அவன் என்கிறார். புண்ணியக் கணக்கும் ஒரு ‘வேண்டுமானால்’தானே.

“இது கீதை சொல்றதுதானே? பலனை எதிர்பாராம கடமையைச் செய்.”

பலனைக் காரணமாக்காதே என்ற அளவில் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. பிறகு பிரிகின்றன. அர்ஜுனனுக்குச் சொல்லப்படுவது அவனுடைய சுயதர்மம், ஒரு சத்திரியனின் கடமை. காண்ட்டுக்கு இன்ன குலம், இன்ன நிலை என்பது கடமையின் ஊற்றாக இருக்க முடியாது. எல்லோருக்கும் சட்டமாக நிற்க முடிகிறதா என்பதே ஊற்று. பலனைத் துறப்பதும் அவர் கேட்பது இல்லை. மகிழ்ச்சியை விரும்புங்கள், கடமை குறுக்கே வரும்போது மட்டும் அதை வாதத்தில் சேர்க்காதீர்கள் என்கிறார்.

“ஆசையே இல்லாம மனுஷன் எப்படி நகருவான்? பெட்ரோல் இல்லாம வண்டி ஓடுமா?”

கிட்டத்தட்ட இதே கருத்தை மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739இலேயே சொன்னார்: அறிவு உணர்ச்சிகளின் அடிமை, தனியாக அது எதையும் தூண்டாது. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கடமை உங்கள் மேல் இருக்கிறதா என்பது ஒன்று. அது உங்களை நகர்த்துமா என்பது வேறு. கடன் வாங்கியவருக்குத் திருப்பித் தர மனமில்லை என்பதால் கடன் இல்லாமல் போகாது.

இரண்டாவதற்குக் காண்ட் 1788 நூலில் ஒரு ஜோடி உதாரணம் தருகிறார். தன் காம இச்சையை அடக்கவே முடியாது என்கிறான் ஒருவன். அதைத் தீர்த்துக்கொள்ளப் போகும் வீட்டு வாசலிலேயே தூக்குமரம் நட்டு, இன்பம் முடிந்ததும் தூக்கு என்றால்? அடக்கிக்கொள்வான். அது உயிராசை காம இச்சையை வென்ற கதை, அவ்வளவே. இப்போது அதே தூக்கைக் காட்டி, நேர்மையான ஒருவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல் என்று அரசன் மிரட்டுகிறான். மறுப்பேன் என்று அவனால் அடித்துச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் ‘மறுக்க என்னால் முடியும்’ என்பதை அவன் தயங்காமல் ஒப்புக்கொள்வான். உயிராசையைவிடப் பெரிய ஆசை எது அங்கே இருக்கிறது? செய்ய வேண்டும் என்று தெரிவதாலேயே செய்ய முடியும் என்று அவனுக்குத் தெரிகிறது என்பது காண்ட்டின் முடிவு. ஹியூம் பக்கத்தவர்கள் ‘அங்கேயும் மானம் என்று ஓர் ஆசை இருக்கிறது’ என்பார்கள். உதாரணத்தால் அவர்களை மடக்கிவிட முடியாது.

“நிபந்தனையற்றதுன்னா விதிவிலக்கே கிடையாதா? கொலைகாரன் வந்து கேட்டாலும் உண்மையைத்தான் சொல்லணுமா? வள்ளுவரே ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ன்னு சொல்லியிருக்காரே.”

பலர் காண்ட்டை மூடி வைத்துவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். ‘நிபந்தனையற்ற’ என்ற சொல் விருப்பத்தைப் பற்றியது, சூழ்நிலையைப் பற்றியது அல்ல. இரண்டாவது பதிலில் வந்த ‘வாக்குக் கொடுத்திருந்தால்’ நினைவிருக்கட்டும். ‘அப்பாவியின் உயிரைக் காக்க வேறு வழி இல்லாத இடம் தவிர, பொய் சொல்லாதே’ என்ற விதியும் நிபந்தனையற்றதாக இருக்கலாம். அது உங்கள் ஆசையைக் கேட்கவில்லையே.

1797இல் பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கான்ஸ்டன்ட்டுக்கு எழுதிய மறுப்பில், ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று காண்ட் எழுதியது உண்மைதான். அது அவர் கூடுதலாக எடுத்த நிலை. கட்டளை நிபந்தனையற்றது என்பதிலிருந்து அது தானாக வந்து விழாது. இதில் நான் வள்ளுவர் பக்கம்.

“சாப்பாட்டு மேசை மரியாதைகூட ‘எனக்கு இஷ்டமில்லை’ன்னா விட்டுடாது. அப்ப அதுவும் நிபந்தனையற்ற கட்டளையா?”

எனக்குத் தெரிந்து காண்ட்டுக்கு எதிரான கூர்மையான கேள்வி இதுதான். மெய்யியலாளர் பிலிப்பா ஃபுட் 1972இல் ஒரு கட்டுரையில் இதை எழுப்பினார். மரியாதை விதிகளும் ஆளின் விருப்பத்தைக் கேட்பதில்லை. எனக்கு அக்கறை இல்லை என்பவர் மேலும் அவை செல்லும். இரண்டாவது பதிலில் நான் வைத்த சோதனையில் அவை தேறிவிடும். ஆனாலும் அவற்றைப் புறக்கணிக்கிறவருக்கு அறிவில் குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறத்துக்கு மட்டும் கூடுதலாக என்ன பலம் என்று ஃபுட் கேட்டார். அறம் அக்கறை உள்ளவர்களுக்கான நிபந்தனைக் கட்டளைகளின் தொகுப்பாக இருக்கலாம் என்றார். அதனால் என்ன கெட்டுப்போகும்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் முற்றுகையிட்டபோது லெனின்கிராடு மக்கள் தங்கள் நகரத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது அவர்களுடைய பற்றினால்தான். கட்டாயப் படை இல்லாமல் தொண்டர் படையாகவும் நாம் அறத்துக்காக நிற்கலாம் என்பது அவர் வாதம்.

என் பதில் இது. மரியாதை விதி ‘இங்கே இப்படித்தான்’ என்பதோடு நின்றுவிடும். ‘ஏன் நான் பொருட்படுத்த வேண்டும்’ என்று கேட்டால் அதனிடம் கையில் எதுவும் இல்லை. அடைக்கலப் பணத்தில் அதே கேள்வியைக் கேட்கிறவரிடம், அவர் தனக்கு மட்டும் எடுத்துக்கொண்ட விலக்கைக் காட்ட முடிகிறது. ‘எனக்கு விலக்கு வேண்டும், காரணம் கிடையாது’ என்று அவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டால்? அங்கே ஃபுட்டின் கேள்வி மறுபடி எழுந்து நிற்கும். பின்னாளில் ஃபுட்டே இந்த நிலையை விட்டு விலகினார். ஆனால் காண்ட்டின் வழியில் அல்ல.

“அப்ப கடைசியில காண்ட் இதை நிரூபிச்சாரா, இல்லையா?”

1785 நூலின் மூன்றாம் பகுதியில் முயன்றார். நம்மைச் சுதந்திரமாகச் செயல்படுகிறவர்களாக எண்ணாமல் நம்மால் யோசிக்கவே முடியாது, சுதந்திரமான அறிவு தனக்குத் தானே இடும் சட்டமே இந்தக் கட்டளை என்று வாதிட்டார். வெளியிலிருந்து யாரோ இடுவது அல்ல என்பதால்தான் அதில் பயமும் பரிசும் தேவைப்படவில்லை. மூன்று வருடம் கழித்து 1788இல் பாதை மாறுகிறது. இந்தச் சட்டத்தை வேறொன்றிலிருந்து வருவிக்க முடியாது, அது ‘அறிவின் உண்மை’யாக நம்மிடம் இருக்கிறது என்கிறார். தூக்குமர உதாரணம் அந்த நூலில் வருவது தற்செயல் இல்லை.

1785 நூலின் கடைசி வாக்கியத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார்: ஒழுக்கக் கட்டளையின் நிபந்தனையற்ற தேவையை நம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை, அது விளங்காதது என்பது மட்டும் விளங்குகிறது. எங்கள் வட்டத்தில் அந்த வரியை வாசித்த அன்று ஒருவர் கையில் இருந்த புத்தகத்தை மூடிவிட்டு, ‘இதை முதல் பக்கத்துலேயே போட்டிருக்கலாமே’ என்றார்.